கிடா விருந்து வீடியோவுக்கு மஞ்சள் டாலர் விழுந்துருச்சு, ரிவியூ கேக்கலாமா?

மேலூர்_மச்சான்

எல்லாருக்கும் வணக்கம். நம்மளது ஊர்ச் சமையல் யூடியூப் சேனல். பத்து நாளைக்கு முன்னாடி கருப்பசாமி கோயில் கிடா விருந்து வீடியோ போட்டோம், 22 நிமிஷம். போட்ட கொஞ்ச நேரம் விளம்பர வருமானத்தைக் காட்டுற டாலர் ஐகான் பச்சையா இருந்துச்சு, பெறகு மஞ்சளாயிருச்சு. இப்ப 92,000 வியூஸ், வந்த காசு ₹377. அதுக்கு முந்தின அயிரை மீன் குழம்பு வீடியோ பச்சை. அதுக்கு 80,000 வியூஸ்தான், ஆனா ₹2,240 வந்துச்சு. Request review பட்டன் தெரியுது. அமுக்கலாமா? அமுக்குனா சேனலுக்கு ஏதும் ஆகுமா?

டவுன்ஹால்_ரோடு

உடனே அமுக்குங்க பாஸ், யோசிக்கவே வேணாம். ஆனா ஒரு கண்டிஷன்: கடைசி 7 நாள்ல 1,000 வியூஸ் இருந்தாத்தான் மனுசன் பாப்பான். உங்களுக்குத்தான் அது தாராளமா இருக்கே. இன்னொன்னு, 1 லட்சம் வியூஸ் தாண்டிட்டா வீடியோவ எடிட் பண்ண விடமாட்டான், அதுக்குள்ள முடிச்சிருங்க. மஞ்சள்னா விளம்பரமே ஓடாது. அந்த ₹377 பச்சையா இருந்த கொஞ்ச நேரத்துல வந்ததா இருக்கும்.

வைகைக்கரை

மச்சான், தயவுசெஞ்சு இப்ப அமுக்காதீங்க. ஒரு வீடியோவுக்கு ஒரு தடவைதான் ரிவியூ. ஆள் பாத்துட்டு மஞ்சள்தான்னு சொல்லிட்டா அதோட சரி, அதுக்கு மேல முறையீடு கிடையாது. வீடியோ இப்ப இருக்குற நெலையிலேயே அனுப்புனா, அந்த ஒரே வாய்ப்ப மெஷின் சொன்னத மனுசன் வாயால ஒருக்க கேக்குறதுக்கே செலவு பண்ணிருவீங்க. சேனலுக்கு ஸ்ட்ரைக் எல்லாம் வராது, அந்தப் பயம் வேணாம்.

டவுன்ஹால் அண்ணே சொன்ன 1,000 வியூஸ் கணக்கு 2017 வாக்குல சின்ன சேனலுக்கு இருந்த விதி. இப்ப வீடியோவ வெளியிடாமலே ரிவியூ கேக்கலாம். 1 லட்சம் வியூஸ் தடையும் பொதுவா உண்டுதான், ஆனா பார்ட்னர் புரோகிராம்ல இருக்குற சேனலுக்கு அது பொருந்தாது. அதனால அவசரப்பட வேண்டிய வேலையே இல்ல.

மஞ்சள்னா விளம்பரமே வராதுங்கறதும் பாதிதான் சரி. ஐகான் மேல கர்சர் வச்சா வர்ற வாசகமே limited or no ads. விளம்பரம் குடுக்குறவர் கூகுள் ஆட்ஸ்ல எந்த மாதிரி வீடியோவுல தன் விளம்பரம் ஓடலாம்னு மூணு மட்டத்துல ஒன்னைத் தேர்ந்தெடுக்குறார்: Expanded, Standard, Limited. பெரும்பாலானவங்க Standard-லயே நிப்பாங்க. பேபி சோப்பு விக்கிறவர் கிடா வெட்டுக்கு முன்னாடி தன் விளம்பரம் வர விரும்பமாட்டாருல்ல, அவர் இன்னும் இறுக்கிக்கிட்டு Limited போவார். உங்க மஞ்சள் வீடியோவுக்குக் கிடைக்கறது கதவ அகலமாத் தெறந்து வச்சிருக்கிற சில பேரு மட்டும். ரொம்ப மோசமான காட்சின்னா அவங்களும் வரமாட்டாங்க.

அது போக YouTube Premium சந்தாக்காரங்க பாத்த நேரத்துக்கு உண்டான பங்கு மஞ்சள்லயும் வரும். உங்க ₹377-ல அது எவ்வளவுன்னு பாருங்க. Analytics போயி அந்த வீடியோவோட Revenue டேப்ல வருமானம் எதுல இருந்து வந்துச்சுன்னு பிரிச்சே காட்டும். Advanced mode-ல Estimated monetized playbacks-ங்கற பத்தியையும் சேத்து ரெண்டு வீடியோவுக்கும் போடுங்க. கூடவே தலைப்பு என்ன, தம்ப்நெயில்ல என்ன இருக்கு, அறுக்குற காட்சி எத்தனாவது நிமிஷத்துல எத்தனாவது நிமிஷம் வரைக்கும், இதையும் சொல்லுங்க.

மேலூர்_மச்சான்

நன்றிண்ணே. அயிரை மீன்: monetized playbacks 34,000. பிரீமியம் ₹140, மிச்சம் ₹2,100 விளம்பரம். கிடா: monetized playbacks 5,200. பிரீமியம் ₹165, விளம்பரம் ₹212.

தலைப்பு "ஒரே வெட்டு! 5 கிடா கறி விருந்து". தம்ப்நெயில்ல அண்டாவுக்குப் பக்கத்துல கிடாத் தலை. மொத 12 செகண்டு டீசர், அருவாளோட கிடாய இழுத்துட்டுப் போறது, ஓங்குற எடத்துல கட். அப்பறம் 3:40-ல இருந்து 6:10 வரைக்கும் தோல் உரிக்கிறது, கறி போடுறது. ஏத்தும்போது வந்த கேள்விப் படிவத்துல எதுவுமே இல்லன்னு டிக் பண்ணியிருந்தேன்.

கணக்குப்புள்ள

கணக்கு நான் போடுறேன். விளம்பரக் காசுல நமக்கு 55%. அயிரை மீனுக்கு நம்ம கைக்கு வந்தது ₹2,100-ன்னா விளம்பரக்காரங்க குடுத்தது சுமாரா ₹3,818. அதை 34,000-க்குப் பங்கு போட்டா, விளம்பரம் ஓடுன ஆயிரம் பார்வைக்கு ₹112. கிடாவுல ₹212-ஐ அதே மாதிரி திருப்புனா ₹385, 5,200-க்குப் பிரிச்சா ஆயிரத்துக்கு ₹74.

இதுல கவனிக்க வேண்டியது வெலை எறங்கனதை விட எண்ணிக்கை எறங்கனது. அயிரை மீன்ல நூத்துல 42 பார்வைக்கு விளம்பரம் ஓடியிருக்கு. கிடாவுல நூத்துல ஆறு கூட இல்ல. அதே ₹74 வெலையிலயே, 42 விழுக்காட்டுப் பார்வைக்கு ஓடியிருந்தா சுமாரா ₹1,590 வந்திருக்கும். ஆள் இல்லாம கடை காத்து வாங்குன கதைதான்.

RPM, அதாவது ஆயிரம் வியூஸுக்கு நம்ம கைக்கு வர்ற காசை மட்டும் பாத்தா இது புரியாது. மொத்த வியூஸால வகுக்குறதால ஒன்னு 28 ரூவா, ஒன்னு 4 ரூவான்னு மட்டும் காட்டும், ஏன்னு காட்டாது. ஜனவரில விளம்பர வெலை எறங்கும்போதும் RPM விழும், ஆனா monetized playbacks விகிதம் இந்த மாதிரி படுக்காது. விகிதம் படுத்துச்சுன்னா ஐகானப் பாக்கணும்.

வைகைக்கரை

கணக்கு பிரமாதம். இப்ப வீடியோவுக்கு வருவோம்.

கறி சமைக்கிறது குத்தமே இல்ல. பச்சைக்கறி, எலும்பு, குடல், ஈரல் எல்லாம் சமையல் பொருளாத் தெரியுற வரைக்கும் பிரச்சினை கம்மி. விளம்பர விதியில சிக்கல் வர்றது ரெண்டு எடத்துல. ஒன்னு, கொல்றது, தோல் உரிக்கிறது, உசிரு துடிக்கிறது. இது பட்டுன்னு விளம்பரத்தை நிறுத்துற சமாச்சாரம். ரெண்டாவது, சமையலை விட்டுட்டு தலை, கண்ணு, காலு, ரத்தம் இதுகளையே கிட்டத்துல காட்டி அதிர்ச்சிக்காக நிறுத்துறது. உங்க வீடியோவுல ரெண்டும் இருக்கு. மோசமான விஷயம், ரெண்டாவது தம்ப்நெயில்லயும் தலைப்புலயும் ஏறி உக்காந்திருக்கு. ஸ்கேன் பண்றது வீடியோவ மட்டும் இல்ல. தலைப்பு, தம்ப்நெயில், விளக்கம், டேக் எல்லாத்தையும் சேத்துத்தான். ரிவியூ பாக்குற ஆளும் அதைத்தான் மொதல்ல பாப்பார். "ஒரே வெட்டு!"ன்னு படிச்சுட்டு உள்ள வர்றவர் வேற என்ன நெனைப்பார்?

செய்ய வேண்டியது இந்த வரிசையில.

மொதல்ல Studio-ல Content, அந்த வீடியோ, இடது பக்கம் Editor. அங்க Trim & cut, New cut. 0:00-0:12 டீசர மொத்தமா எடுங்க. 3:40-6:10-ல முழுசா எடுக்க வேணாம், தோல் உரிக்கிற பகுதி முடிஞ்சு கறி துண்டு போடுறது ஆரம்பிக்கிற எடம் எதுன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி உள்ளதை மட்டும் வெட்டுங்க. பின்னாடி மரத்துல தொங்குற கிடா ஃபிரேமுக்குள்ள வந்தா அதுக்கு மட்டும் Blur போதும். Save குடுங்க. 22 நிமிஷ வீடியோவுக்கு பிராசஸ் ஆக மணிக்கணக்குல ஆகலாம், அது வரைக்கும் பழைய வீடியோதான் ஓடிக்கிட்டிருக்கும். இதைக் கவனிக்காமத்தான் நெறையப் பேரு மோசம் போறாங்க: Save அமுக்கின கையோட ரிவியூவும் கேட்டுர்றாங்க. வேற போன்ல, லாகின் இல்லாம ஓட்டிப் பாத்து, டீசர் போயிருச்சுன்னு கண்ணால பாத்தபெறகு அடுத்த வேலை.

பெறகு தம்ப்நெயில். அண்டாவுல கொதிக்கிற குழம்பு, வாழை இலையில சோறு, சுத்தி ஊர்சனம். தலைப்பு "கருப்பசாமி கோயில் கறி விருந்து, 300 பேருக்குச் சமையல்" மாதிரி, எத்தனை பேருங்கறது உங்க கணக்கு. விளக்கத்துல மொத ரெண்டு வரி இது கோயில் விருந்துச் சமையல், மசாலா அளவு இன்னதுன்னு இருக்கட்டும். டேக்ல "வெட்டு", "ரத்தம்" இருந்தா தூக்கிருங்க.

தலைப்பு, தம்ப்நெயில் மாத்தினா மெஷின் திரும்ப ஸ்கேன் பண்ணக்கூடும், சில சமயம் அதுலயே பச்சையாயிரும். அதனால ஒரு நாள் விட்டுப் பாருங்க. மாறலன்னா Request review. திரையில வர்றதைப் படிச்சு, விதியப் பாத்தாச்சுன்னு உறுதி குடுத்து அனுப்புங்க. பதில் பெரும்பாலும் 7 நாளுக்குள்ள வரும்.

ஆனையூர்_அடுப்பு

மச்சான் தம்பி, நானும் சமையல் சேனல்தான். வைகைக்கரை சார், ஒரு சந்தேகம். நம்ம ஊருல ரத்தப் பொரியல் இல்லாம கிடா விருந்தே கெடையாது. ஒரு சட்டியில கட்டியான ரத்தம், அதை உதுத்து வெங்காயம் போட்டு வதக்குறது. தலைக்கறி போட்டா மயிர் பொசுக்குறதும் வரும். இதெல்லாம் சமையல்தானே? தூரதேசத்துல இருந்து பாக்குறவுகளுக்கு எப்படித் தெரியும் இது சமையல்னு?

வைகைக்கரை

அக்கா, இதுக்கு அடிச்சுச் சொல்ற மாதிரி பதில் என்கிட்ட இல்ல. கட்டியான ரத்தம் சட்டியில, வெங்காயம், கறிவேப்பிலையோட தெரிஞ்சா அது சமையல் பொருள். அறுத்த எடத்துல பாத்திரம் வச்சுப் பிடிக்கிறது வேற. அதே ரத்தம், ஆனா பாக்குறவருக்கு அது காயம். தலைக்கறியில பொசுக்குறதை தூரத்து ஷாட்டா வச்சு, முகத்துக்குக் கிட்ட கேமரா போகாம இருந்தா தப்பிக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு வினாடி காட்டுறதும் முப்பது வினாடி நிறுத்திக் காட்டுறதும் ஒன்னில்ல.

வார்த்தையும் கணக்குல வரும். ரத்தப் பொரியல்னு தமிழ்ல எழுதறதோட, இங்கிலீஷ் தலைப்புல வெறும் blood மட்டும் போட்டு, மசாலா, பொரியல்னு எதுவும் இல்லாம விட்டா மெஷின் என்னத்தை எடுத்துக்கும்?

பரவை_பாட்டுக்காரன்

எனக்கும் இதே பிரச்சினை அண்ணே. முளைப்பாரி ஊர்வலம் வீடியோ, பின்னாடி மைக்செட்டுல பாட்டு ஓடுது. காசு பூரா வேற யாருக்கோ போகுது. Request review பட்டனையே காணோம். எங்க இருக்கு?

கணக்குப்புள்ள

தம்பி, உங்களது வேற வியாதி. அது கன்டென்ட் ஐடி க்ளெய்ம், காப்பிரைட். விளம்பரம் நல்லா ஓடும், காசு பாட்டுக்குச் சொந்தக்காரருக்குப் போகும். அதுக்கு Request review இருக்காது. Content பக்கத்துல Restrictions பத்தியில Copyright-ன்னு இருக்கும், அதுக்குள்ள போயி பாட்டு ஓடுற பகுதிய மட்டும் மியூட் பண்ணலாம், இல்ல வெட்டலாம். Dispute போடவும் வழி உண்டு, க்ளெய்ம் போட்டவருக்கு 30 நாள் டயம். ஆனா மைக்செட்டுல ஓடுனாலும் அது அவங்க பாட்டுதான். உரிமை இல்லாம dispute போட்டு ஸ்ட்ரைக்கு வாங்கிக்காதீங்க.

பாலமேடு_பய

சமையல விடுங்க, ஜல்லிக்கட்டுக்கு என்ன வழி? அதே வாடிவாசல், அதே மாடு. எங்க வீடியோ மஞ்சள், பக்கத்துல நின்னு எடுத்தவன் வீடியோ பச்சை. இது என்ன நியாயம்?

டவுன்ஹால்_ரோடு

அவன் சேனல் பெருசா இருக்கும். பெரிய சேனலுக்கு மஞ்சள் விழாது. மஞ்சள் விழுந்தா ரீச்சும் போயிரும், அதான் பெரிய ஆளுக தப்பிக்கிறாங்க.

வைகைக்கரை

ரீச் விஷயத்துல யூடியூப் சொல்றது, வருமான நெலையப் பாத்து வீடியோவப் பரிந்துரை பண்றதில்லன்னு. வயசுக் கட்டுப்பாடு விழுந்தா கதை வேற, அப்ப ரீச்சும் போகும், விளம்பரமும் போகும். மச்சானோட மஞ்சள் வீடியோவுக்குப் பச்சைய விட வியூஸ் அதிகம்ங்கறதையும் பாருங்க அண்ணே.

பாலமேடு தம்பி, பக்கத்து ஆள் வீடியோவோட தம்ப்நெயிலையும் மொத அரை நிமிஷத்தையும் உங்களதோட ஒத்துப் பாருங்க. மாடு தாவுறது, வீரர் திமில் பிடிச்சுத் தொங்குறதெல்லாம் ஒன்னு. குத்துப்பட்டு விழுந்தவர ஸ்லோ மோஷன்ல மூணு தடவ காட்டுறது, ரத்தத்துக்குச் செவப்பு வட்டம் போடுறது இன்னொன்னு.

பாலமேடு_பய

வட்டம் போட்டது உண்மைதான். ஆனா குத்துப்பட்டவர் இல்லாத இன்னொரு வீடியோவும் மஞ்சள். மாடு மட்டும்தான் வருது.

வைகைக்கரை

அப்ப அந்த வீடியோவத்தான் மொதல்ல ரிவியூவுக்கு அனுப்பணும். மனுசன் பாத்து என்ன சொல்றார்னு தெரிஞ்சுக்க அது ஏத்த வீடியோ. மாட்டு வாலைக் கடிக்கிறது, முறுக்கிறது ஏதாச்சும் ஃபிரேம்ல இருக்கான்னு ஒருக்க பாத்துட்டு அனுப்புங்க. மாட்டைத் துன்புறுத்துறதா எடுத்துக்கிட்டா மனுசக் காயமே தேவையில்ல.

கணக்குப்புள்ள

எனக்கு இதுல வைகைக்கரையோட முழுசா ஒத்துப்போக முடியல. ஜல்லிக்கட்டு பூராவையுமே மிருகச் சண்டை வகையில மெஷின் போட்டுருதுன்னுதான் எனக்குத் தோணுது. வாலும் காலும் அப்பறம்தான். தம்பி ரிசல்ட் வந்தா இங்க போடு.

ஆனையூர்_அடுப்பு

பச்சையான அன்னைக்கு இருந்து பழைய வியூஸுக்கும் சேத்து காசு வருமா?

கணக்குப்புள்ள

வராதுக்கா. மஞ்சள்ல போன வியூஸ் போனதுதான். மச்சானுக்கு அயிரை மீன் RPM ₹28-ன்னு வச்சா 92,000 வியூஸுக்கு ₹2,576 வந்திருக்கணும், ₹377 போக ₹2,199 நட்டம், அது திரும்பாது. இனிமே வர்ற வியூஸுக்குத்தான் லாபம். இப்ப ஒரு நாளைக்கு எத்தனை வியூஸ் வருதோ அதை ஆயிரத்துக்கு ₹24-ன்னு பெருக்கிப் பாத்துக்கங்க. நாளைக்கு 300-ன்னா ஏழு ரூவா. டீக்காசு கூட இல்ல. ஆனா திருவிழா சீசன்ல திரும்ப ஏறுற வீடியோன்னா வேலைக்காகும்.

வைகைக்கரை

அதனாலதான் போடுறதுக்கு முன்னாடியே சரி பண்ணணும். அடுத்த வீடியோவ Public போடாம Private-ஆ ஏத்துங்க. ஏத்துற வரிசையில Checks-ங்கற பக்கம் வரும், காப்பிரைட்டும் விளம்பரத் தகுதியும் அங்கேயே பாக்கும். பல நேரம் சில நிமிஷம், சில நேரம் ஒரு மணி நேரம் தாண்டும். ஐகான் பச்சையானாலும் அன்னைக்கே போடாம ஒரு ராத்திரி விடுங்க, மச்சானுக்கு நடந்த மாதிரி பின்னாடி மாறக்கூடும். மஞ்சள் வந்தா வெளியிடாமலே வெட்டித் திருத்தி, அங்கிருந்தே ரிவியூ கேளுங்க. ஞாயித்துக்கெழம போடணும்னா அதுக்கு முந்தின வெள்ளிக்கும் முந்தின வெள்ளிக்கெழமயே ஏத்தி வச்சிட்டா ஒன்பது நாள் கையில இருக்கும்.

அந்தக் கேள்விப் படிவம் பத்தி மச்சானுக்கு ஒன்னு சொல்லணும். எதுவுமே இல்லன்னு டிக் பண்ணினது தப்பு. சும்மா ஒரு சடங்குன்னு நெனைச்சுட்டீங்க. சுமார் 20 வீடியோவுக்கு மேல நீங்க சொன்னதும் அவங்க சொன்னதும் ஒத்துப்போகுதான்னு பாத்து, ஒத்துப்போனா உங்க பேச்ச நம்ப ஆரம்பிக்கும். பொய்யா டிக் பண்ணிக்கிட்டே இருந்தா நீங்க சொல்றதுக்கு மதிப்பு இருக்காது, மெஷின் சொல்றதுதான் நிக்கும். தோல் உரிக்கிறது வீடியோவுல இருந்தா இருக்குன்னு டிக் பண்ணுங்க. இல்ல, அதை வெட்டிட்டு இல்லன்னு டிக் பண்ணுங்க.

டவுன்ஹால்_ரோடு

இவ்வளவு எதுக்கு? வீடியோவ டெலிட் பண்ணிட்டு திரும்ப ஏத்துனா முடிஞ்சுச்சே.

வைகைக்கரை

அதே கோப்பை ஏத்துனா அதே ஸ்கேன், அதே மஞ்சள். 92,000 வியூஸும் கமெண்டும் மட்டும் போயிரும்.

மேலூர்_மச்சான்

அண்ணே, டீசரையும் 3:40-ல இருந்து 5:05 வரைக்கும் வெட்டி சேவ் பண்ணிட்டேன். ராத்திரி பூரா பிராசஸ் ஆச்சு. தம்பி போன்ல ஓட்டிப் பாத்தேன், போயிருச்சு. தம்ப்நெயில் குழம்பு அண்டா, தலைப்பும் மாத்தியாச்சு. ஒரு நாள் பாத்தேன், மஞ்சள் அப்படியேதான் இருந்துச்சு. இன்னைக்குக் காலைல ரிவியூ அனுப்பிட்டேன், இன்னும் பதில் வரல.

ஒரு விஷயம், 4:30-ல ஒரு விளம்பர இடைவெளி வச்சிருந்தேன். அந்த எடமே இப்ப வீடியோவுல இல்ல. அது என்ன ஆகும்?

கணக்குப்புள்ள

Editor-ல Ad breaks தெறந்து எல்லா இடைவெளியையும் திரும்பப் பாருங்க. மொதல்ல 12 செகண்டு, நடுவுல 1 நிமிஷம் 25 செகண்டு, ஆக 1 நிமிஷம் 37 செகண்டு கொறைஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி உள்ளதெல்லாம் பேச்சு நடுவுல விழலாம். விளக்கத்துல சாப்டர் நேரம் எழுதியிருந்தா அதையும் மாத்துங்க. 9:40-ல மசாலா வறுக்கிறதுன்னு போட்டிருந்தீங்கன்னா இப்ப அது 8:03.

மேலூர்_மச்சான்

சாப்டர் போட்டிருக்கேன்ணே, மறந்தே போனேன். ரிவியூ நடக்கும்போது விளக்கத்த மாத்தலாமா?

வைகைக்கரை

நேரம் திருத்துறது மட்டும்னா மாத்துங்க. தலைப்பையும் தம்ப்நெயிலையும் பதில் வர்ற வரைக்கும் தொடாதீங்க.